கூப்பன் நிபந்தனைகளை ஒரே பார்வையில் புரியும்படி திருத்துவது எப்படி?

கேள்வி: எங்கள் இணையக் கடையின் கூப்பன் நிபந்தனைகளைத் திருத்தும் வேலை எனக்கு வந்திருக்கிறது. இப்போது இப்படி இருக்கிறது: "இச்சலுகை புதிய வாடிக்கையாளர்களுக்கு மட்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட பொருட்களுக்கு 20% வரை தள்ளுபடி. குறைந்தபட்சக் கொள்முதல் 1,000. மார்ச் 31 வரை செல்லும். பிற சலுகைகளுடன் இணைக்க இயலாது. நிபந்தனைகளுக்கு உட்பட்டது. நிறுவனத்தின் முடிவே இறுதியானது." யாருக்குக் கிடைக்கும், எப்போது முடியும், வேறு சலுகையோடு சேருமா என்று கேட்டுத் தினமும் அழைப்புகள் வருகின்றன. எளிய சொற்களில் மாற்றி எழுதினால் போதுமா?

பதில்:

போதாது. இந்த ஏழு வாக்கியங்களிலும் கடினமான சொல் என்று ஒன்றுகூட இல்லை. எல்லாம் நாள்தோறும் புழங்கும் சொற்கள்தான். அப்படியிருந்தும் அழைப்புகள் வருவதற்குக் காரணம், ஒவ்வொரு வாக்கியமும் ஒரு முடிவைச் சொல்வதுபோலத் தோன்றினாலும் அந்த முடிவை யாரும் முழுமையாக எடுக்கவில்லை என்பதுதான். எடுக்கப்படாத முடிவை எவ்வளவு எளிய தமிழில் எழுதினாலும் தெளிவு வராது. எனவே திருத்துபவரின் முதல் வேலை எழுதுவதன்று, கேட்பது. சலுகையை வகுத்த மார்க்கெட்டிங் பிரிவிடமும், அதைப் பில்லில் கணக்கிடும் மென்பொருளைக் கவனிப்பவரிடமும் ஒரே கேள்விகளைத் தனித்தனியே கேளுங்கள். இருவரும் வேறு வேறு பதில் சொல்லும் இடங்கள்தான் உங்கள் அழைப்புகள் பிறக்கும் இடங்கள். வாடிக்கையாளரைப் பொறுத்தவரை பணம் செலுத்தும் பக்கத்தில் என்ன நடக்கிறதோ அதுவே விதி என்பதால், ஒன்று மென்பொருளை விதிக்கு ஏற்ப மாற்ற வேண்டும், அல்லது மென்பொருள் செய்வதை அப்படியே எழுத வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

உங்கள் வாசகத்தையே வைத்து வரிசையாகப் பார்ப்போம்.

"புதிய வாடிக்கையாளர்" என்பவர் யார்? கணக்கே தொடங்காதவரா, கணக்கு வைத்திருந்தும் இதுவரை எதுவும் வாங்காதவரா, ஆர்டர் செய்து, பொருள் வருவதற்கு முன்பே ரத்து செய்தவரா? ஓராண்டுக்கு முன்பு வாங்கிவிட்டு, வேறு மின்னஞ்சலில் புதுக் கணக்கு திறந்தவரைப் பற்றி என்ன முடிவு? இவை வம்புக்குக் கேட்கப்படும் கேள்விகள் அல்ல. இந்த வகைகளில் ஒவ்வொன்றிலும் உண்மையான ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் எல்லோரும் தங்களைப் புதியவர் என்றே நினைத்துக்கொண்டு கூப்பனைப் போடுவார்கள். சில விற்பனை மென்பொருள்களில் "இந்தக் கணக்கில் நிறைவேறிய ஆர்டர் ஏதாவது உண்டா" என்ற ஒரே சோதனைதான் நடக்கும். உங்களுடையதிலும் அப்படித்தான் என்றால், "எங்களிடம் இதுவரை எதுவும் வாங்காதவர்களுக்கு" என்று எழுதிவிடலாம். தகுதியை எழுதும்போது நான் பின்பற்றும் அளவுகோல் ஒன்றுதான்: படிப்பவர் தம்மைப் பற்றித் தமக்கே தெரிந்த ஒரு செய்தியைக் கொண்டு ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடிய வேண்டும். "புதிய", "தகுதியுள்ள", "மதிப்புமிக்க" என்பவை நிறுவனம் தன் பட்டியலில் ஆட்களைப் பிரித்து வைக்கும் பெயர்கள். தாம் எந்தப் பட்டியலில் இருக்கிறோம் என்பது வாடிக்கையாளருக்குத் தெரியாது. இதுவரை வாங்கியிருக்கிறோமா என்பது தெரியும்.

"தேர்ந்தெடுக்கப்பட்ட பொருட்கள்" என்பதற்கும் இதே கதிதான். யார் தேர்ந்தெடுத்தார்கள், அந்தப் பட்டியல் எங்கே என்பது வாசகத்தில் இல்லை. உண்மையில் எவை விலக்கப்பட்டிருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வகைகள்தான் வெளியே இருக்கும். அப்படியானால் விலக்குகளைச் சொல்வதே சுருக்கம். உங்கள் கடையில் மின்னணுப் பொருட்களும் பரிசு அட்டைகளும் மட்டும் விலக்கு என்று வைத்துக்கொள்வோம். "மின்னணுப் பொருட்கள், பரிசு அட்டைகள் தவிர எல்லாவற்றுக்கும்" என்ற ஒரு வரியோடு வேலை முடிந்தது. மாறாக, சலுகை சில பொருட்களுக்கு மட்டுமே உண்டு என்றால், பட்டியலை நிபந்தனையில் அடுக்காமல் அந்தந்தப் பொருளின் விலைக்குப் பக்கத்திலேயே ஓர் அடையாளம் போட்டு, "கூப்பன் அடையாளம் உள்ள பொருட்களுக்கு" என்று எழுதுவது நல்லது.

"20% வரை" என்பதில் இரண்டு பொருள் ஒளிந்திருக்கிறது. சில பொருளுக்கு 5%, சிலவற்றுக்கு 20% என்று விகிதம் மாறலாம். அல்லது எல்லாவற்றுக்கும் 20% கொடுத்துவிட்டு, தள்ளுபடித் தொகைக்கு உச்சவரம்பு வைத்திருக்கலாம். முதல் வகையாக இருந்தால் விகிதங்களைச் சொல்லியாக வேண்டும். இரண்டாவதாக இருந்தால் "வரை" என்ற சொல்லை எடுத்துவிட்டு, "20% தள்ளுபடி, அதிகபட்சம் 300" என்று எழுதுங்கள். உச்சவரம்பைக் கீழே சிறிய எழுத்தில் ஒதுக்குவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 300 என்ற வரம்பு 1,500க்கு வாங்கும்போதே எட்டிவிடுகிறது. 3,000க்கு வாங்குபவருக்குக் கிடைப்பது உண்மையில் 10% மட்டுமே. 20 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் பார்த்துவிட்டுக் கூடையை நிரப்பியவருக்கு அந்த வேறுபாடு பணம் செலுத்தும் பக்கத்தில் தெரியவரும்போது, அவர் நிபந்தனையைப் படிக்கவில்லை என்று நாம் சொல்வதில் நியாயம் குறைவு. விகிதம் எந்த வரியில் இருக்கிறதோ அதே வரியில் வரம்பும் இருக்க வேண்டும்.

அடுத்து, "குறைந்தபட்சக் கொள்முதல் 1,000". எந்தத் தொகை 1,000 ஆக வேண்டும் என்பதுதான் கேள்வி. ஒருவர் கூடையில் 1,300க்குப் பொருட்கள் இருக்கின்றன. அதில் 400 மின்னணுப் பொருள். திரையில் 1,300 என்று தெரிவதால் கூப்பன் செல்லும் என்றே அவர் நினைப்பார். விலக்கப்பட்டதைக் கழித்தால் மீதி 900 தான், ஆகவே மென்பொருள் மறுத்துவிடும். வரி, டெலிவரி கட்டணம் ஆகியவை சேருமா, பழைய விலையா குறைக்கப்பட்ட விலையா என்பனவும் இதிலேயே அடங்கும். எல்லாவற்றையும் ஒரே வரியில் அடைக்க வேண்டாம். "கூப்பன் செல்லும் பொருட்களின் விற்பனை விலை மட்டும் சேர்ந்து 1,000 அல்லது அதற்கு மேல்" என்பது, கூப்பனோடு முதலில் கண்ணில் படும் முகப்பு வரிக்குப் போதும். டெலிவரி கட்டணமும் வரியும் கணக்கில் வராது என்பதை இணைப்பில் திறக்கும் விரிவான நிபந்தனையில் வைக்கலாம். "1,000க்கு மேல்" என்று மட்டும் எழுதினால் சரியாக 1,000க்கு வாங்கியவர் நடுவில் நிற்பார். "1,000 அல்லது அதற்கு மேல்" என்று எழுதினால் அந்த அழைப்பு வராது.

இனி காலாவதி. "மார்ச் 31 வரை" என்று படிக்கும் வாடிக்கையாளர் அந்த நாளும் சேர்ந்தது என்றே எடுத்துக்கொள்வார். மென்பொருள் அப்படி எடுத்துக்கொள்ளாமல் போகலாம். கூப்பன் அமைக்கும் திரையில் முடிவுத் தேதியை மட்டும் கொடுத்து நேரத்தைக் கொடுக்காமல் விட்டால், பல அமைப்புகள் அதை அந்த நாள் தொடங்கும் நொடியாகவே சேமித்துக்கொள்ளும். அதன் விளைவாக, கடைசி நாள் முழுவதும் கூப்பன் செத்துக் கிடக்கும். மென்பொருளைக் கவனிப்பவரிடம் காட்டிக் கேட்க வேண்டிய வேறுபாடு இவ்வளவுதான்:

```
now <= 2026-03-31 00:00
now <  2026-04-01 00:00
```

முதல் வரி கடைசி நாளை விழுங்கிவிடும். இரண்டாவது வரி அதை முழுமையாகக் கொடுக்கும். இந்தப் பிழை நிகழ்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு: கூப்பன் முடியும் நாளில் பதியப்படும் புகார்களைத் தனியாக எடுத்துப் பாருங்கள். காலையிலிருந்தே "தேதி இருக்கிறது, ஆனால் செல்லவில்லை" என்று வந்திருந்தால் காரணம் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். மாலையில் திடீரென்று புகார்கள் தொடங்கியிருந்தால் சர்வர் வேறொரு நேர மண்டலத்தில் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். சர்வர் UTC நேரத்தில் 23:59க்கு முடிக்கிறது என்றால், அதைவிட 5 மணி நேரம் பிந்தியிருக்கும் ஊரில் கூப்பன் மாலை 6:59க்கே முடிந்துவிடும். 5 மணி நேரம் முந்தியிருக்கும் ஊரில் மறுநாள் விடியற்காலை 4:59 வரை உயிரோடு இருக்கும். முந்தியிருக்கும் ஊரிலிருந்து யாரும் புகார் செய்ய மாட்டார்கள் என்பதால் அந்தப் பிழை நெடுநாள் கண்ணில் படாமலே கிடக்கும்.

வாசகத்தில் "நள்ளிரவு 12 மணி வரை" என்று எழுத வேண்டாம். 31ஆம் தேதி நள்ளிரவு என்றால் 30 முடிந்து 31 தொடங்கும் பொழுதா, 31 முடியும் பொழுதா என்று இரண்டு விதமாகவும் எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. "இரவு 11:59" என்றால் அந்தக் குழப்பம் இல்லை. அந்தக் கடைசி நிமிடமும் வாடிக்கையாளருக்குச் சாதகமாக மென்பொருளில் இருந்துவிட்டுப் போகட்டும். தேதியை எண்களால் மட்டும் எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். 05/06 என்பதைச் சிலர் ஜூன் 5 என்றும் சிலர் மே 6 என்றும் படிப்பார்கள். மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதி, கிழமையையும் சேர்த்துவிடுங்கள். கிழமை இருந்தால் படிப்பவர் நாள்காட்டியைத் தேடாமலே இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று உணர்வார். நமக்கும் அது ஒரு சரிபார்ப்பு, ஏனெனில் சென்ற ஆண்டின் வாசகத்தை நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றியிருந்தால் கிழமை காட்டிக்கொடுத்துவிடும்.

தேதியைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இதில் உண்டு: அந்த நேரத்துக்குள் எது நடந்திருக்க வேண்டும்? கூடையில் பொருளைப் போடுவதா, ஆர்டரை உறுதி செய்வதா, பணம் செலுத்தி முடிப்பதா, பொருள் கையில் சேருவதா? 11:55க்குக் கூடையில் போட்டு, கூப்பன் ஏற்கப்பட்டதாகப் பச்சை அடையாளமும் பார்த்துவிட்டு, அட்டை எண்ணைத் தேடி எடுத்துப் பணம் கட்டும்போது 12:02 ஆகிவிடுகிறது. பல மென்பொருள்கள் பணம் செலுத்தும் நொடியில் மறுபடி சோதிக்கும். தொகை சத்தமில்லாமல் ஏறிவிடும். எனவே காலாவதி வரியில் தேதியோடு ஒரு வினைச்சொல் கட்டாயம் இருக்க வேண்டும்: "2026 மார்ச் 31, செவ்வாய், இரவு 11:59க்குள் பணம் செலுத்தி முடிக்க வேண்டும்." இதை எழுதும்போது "செல்லும்", "செல்லுபடியாகும்" ஆகிய சொற்கள் தாமாகவே தேவையற்றுப் போவதைக் காண்பீர்கள். "பெற்ற நாளிலிருந்து 7 நாட்கள்" என்ற வகைக் கூப்பனாக இருந்தால், கணக்கிடும் வேலையை வாடிக்கையாளரிடம் தள்ளாமல், அவரவருக்கு அனுப்பும் செய்தியில் முடியும் நாளையே அச்சிட்டுவிடுவது மேல். மென்பொருளுக்கு அந்தத் தேதி ஏற்கெனவே தெரியும்.

இப்போது எஞ்சியிருப்பது, என் அனுபவத்தில் மிக அதிகமாகச் சண்டை வரும் வாக்கியம்: "பிற சலுகைகளுடன் இணைக்க இயலாது." எழுதியவரின் மனத்தில் இருந்தது பெரும்பாலும் "இன்னொரு கூப்பன் போடக்கூடாது" என்பது மட்டுமே. ஆனால் வாடிக்கையாளர் கையில் கூப்பனைத் தவிர வேறு பலவும் இருக்கின்றன. பொருளின் விலையே ஏற்கெனவே குறைக்கப்பட்டிருக்கலாம். கணக்கு தொடங்கியதற்குக் கிடைத்த புள்ளிகள் இருக்கலாம். பரிசு அட்டை இருக்கலாம். வங்கி அட்டைக்குத் தனித் தள்ளுபடி ஓடிக்கொண்டிருக்கலாம். ஒரு தொகைக்கு மேல் டெலிவரி இலவசம் என்று கடையே சொல்லியிருக்கலாம். இவற்றில் எவை "சலுகை"? பரிசு அட்டை யாரோ பணம் கொடுத்து வாங்கியது. அது பணம் செலுத்தும் முறைகளில் ஒன்றே அன்றிச் சலுகை அன்று. புள்ளிகளைச் சிலர் பணம் என்பார்கள், சிலர் சலுகை என்பார்கள். விலைக்குறைப்பு எல்லோருக்கும் பொதுவானது என்பதால் அதைச் சலுகையாக நினைக்காதவர்களும் உண்டு. பெரிய எழுத்தில் "சலுகை விலை" என்று கடையே ஒட்டியிருப்பதால் அப்படி நினைப்பவர்களும் உண்டு.

ஆகவே "பிற சலுகைகள்" என்ற தொகுப்புச் சொல்லைக் கைவிட்டு, வாடிக்கையாளர் அந்தப் பக்கத்தில் நிற்கும்போது அவர் கையில் இருக்கக்கூடியவற்றைப் பெயர் சொல்லிப் பட்டியலிட வேண்டும். உங்கள் மேசையில் ஒரு தாளில் இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே சேரும், சேராது என்று மார்க்கெட்டிங் பிரிவைக் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு அதே தாளை மென்பொருள் பிரிவிடம் கொடுத்துச் சோதித்துக் குறிக்கச் சொல்லுங்கள். வாசகத்தில் எழுதும்போது சேருபவற்றை முதலில் சொல்ல வேண்டும், சேராததைப் பின்னால் சொல்ல வேண்டும். மறுப்பில் தொடங்கும் வரியைப் படிப்பவர் எல்லாமே மறுக்கப்பட்டதாக எடுத்துக்கொண்டு மேலே படிக்காமல் விட்டுவிடுவார்; சேரக்கூடிய புள்ளிகளைக்கூடப் பயன்படுத்தாமல் போய்விடுவார்.

சேருமா என்பதோடு கேள்வி முடிவதில்லை. எது முதலில் கழிக்கப்படும் என்பதும் பணத்தை மாற்றுகிறது. கூப்பன் செல்லும் பொருட்கள் 1,200க்கு இருக்கின்றன, கையில் 250 மதிப்புள்ள புள்ளிகள் இருக்கின்றன என்று கொள்ளுங்கள். கூப்பன் முதலில் கழிந்தால் 1,200இல் 20%, அதாவது 240 போய் 960 ஆகிறது. பிறகு புள்ளிகள் 250 கழிந்து, கட்ட வேண்டியது 710. புள்ளிகள் முதலில் கழிந்தால் கூடை 950 ஆகிவிடுகிறது. 1,000 என்ற குறைந்தபட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டதால் கூப்பனே மறுக்கப்பட்டு அவர் 950 கட்டுகிறார். ஒரே கூடை, ஒரே கூப்பன், ஒரே புள்ளிகள், வேறுபாடு 240. புள்ளிகள் 150 மட்டும் இருந்திருந்தால் வேறுபாடு சிறியது: ஒரு வழியில் 810, மறு வழியில் 840. சிறிய வேறுபாட்டை யாரும் கவனிக்க மாட்டார்கள், ஆனால் குறைந்தபட்சத் தொகையின் விளிம்பில் நிற்பவர் கவனித்தே தீருவார். விளிம்பில் பலர் நிற்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள், ஏனென்றால் 1,000ஐ எட்டுவதற்காகத்தானே அவர்கள் கூடையில் இன்னொரு பொருளைச் சேர்த்தார்கள்.

இந்த வரிசையை விளக்கி வாசகத்தில் பத்தி எழுத வேண்டியதில்லை. "முதலில் கூப்பன் கழிக்கப்படும், பிறகு புள்ளிகள்" என்ற ஒரு வரி போதும். மென்பொருள் தலைகீழாகச் செய்கிறது என்றால் அதை மாற்றும்படி கேட்பதற்கு மேலே உள்ள கணக்கைக் காட்டுங்கள். இத்தகைய கணக்கு ஒன்று பத்து மின்னஞ்சலை மிச்சப்படுத்தும்.

இரண்டு கூப்பன்களைப் போட முயல்பவருக்கு என்ன நடக்கும் என்பதையும் கேட்டு வையுங்கள். சில அமைப்புகள் இரண்டாவதை மறுக்கும். சில, முதலாவதைச் சொல்லாமல் நீக்கிவிட்டு இரண்டாவதை ஏற்கும். சில, எது பெரிய தள்ளுபடியோ அதைத் தாமே தேர்ந்துகொள்ளும். நடுவில் உள்ள வகைதான் தொல்லை, ஏனென்றால் சிறிய கூப்பன் பெரியதை விரட்டிவிடலாம். அதைத் தடுக்க முடியாவிட்டால் குறைந்தது "புதிய கூப்பனைப் போட்டால் முதல் கூப்பன் நீங்கிவிடும்" என்று அந்த இடத்திலேயே திரையில் காட்ட வேண்டும். நிபந்தனைப் பக்கத்தில் எழுதிப் பயனில்லை.

இந்த முடிவுகளையெல்லாம் எடுத்தபின் உங்கள் வாசகம் இப்படி ஆகலாம். முடிவுகள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்டவை:

முதல் முறை வாங்குபவர்களுக்கு 20% தள்ளுபடி, அதிகபட்சம் 300

யாருக்கு: எங்களிடம் இதுவரை எதுவும் வாங்காதவர்களுக்கு. ஒருவருக்கு ஒரு முறை.

எதற்கு: மின்னணுப் பொருட்கள், பரிசு அட்டைகள் தவிர எல்லாவற்றுக்கும். கூப்பன் செல்லும் பொருட்கள் மட்டும் சேர்ந்து 1,000 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும்.

எதுவரை: 2026 மார்ச் 31, செவ்வாய், இரவு 11:59க்குள் பணம் செலுத்தி முடிக்க வேண்டும்.

எவற்றோடு சேரும்: விலை குறைக்கப்பட்ட பொருட்களுக்கும் செல்லும். புள்ளிகளையும் பரிசு அட்டையையும் பயன்படுத்தலாம். முதலில் கூப்பன் கழிக்கப்படும். இன்னொரு கூப்பனோடும் வங்கி அட்டைத் தள்ளுபடியோடும் சேராது.

எழுத்துகளை எண்ணிப் பார்த்தால் இது பழையதைவிட நீளம். நீளத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒரே பார்வையில் புரிவது என்பது குறைவான சொற்களால் வருவதன்று. தனக்கு வேண்டிய பதில் எந்த வரியில் இருக்கிறது என்று கண் உடனே கண்டுபிடிப்பதால் வருவது. இடது ஓரத்தில் நிற்கும் நான்கு சொற்களும் வாடிக்கையாளர் தொலைபேசியில் கேட்கும் கேள்விகளேதான். "தகுதி வரம்பு", "செல்லுபடிக் காலம்", "சலுகை இணைப்பு விதி" என்று தலைப்பிட்டால் அதே செய்தி அலுவலகக் கோப்பாகிவிடும். கைபேசித் திரையில் இந்த நான்கும் உருட்டாமலே தெரிய வேண்டும், அதற்காக எழுத்தைச் சுருக்கக்கூடாது. இடம் போதாவிட்டால் படத்தைச் சுருக்குங்கள்.

இதற்குக் கீழே, விரிவான நிபந்தனைக்கு ஓர் இணைப்பு இருக்கலாம். அங்கே எவை போகலாம் என்பதற்கு எளிய எல்லை உண்டு: முகப்பு வாசகத்துக்கு மேலதிக விவரம் தரலாம், முகப்பு வாசகத்தைப் பொய்யாக்கக்கூடாது. அனுப்புவதற்கு முன்பே ரத்தான ஆர்டர் வாங்கியதாகக் கொள்ளப்படாது, டெலிவரி கட்டணம் கணக்கில் வராது என்பன அங்கே இருக்கலாம். ஒரு பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கு எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதும் அங்கே இருக்க வேண்டும். மேலே சொன்ன 1,200 கூடையிலிருந்து 400க்கான பொருளைத் திருப்பினால், 20% கழித்து 320 கிடைக்கும் என்பது ஒரு நியாயமான விதி. ஆனால் மின்னணுப் பொருட்களுக்கு விலக்கு என்பதை முகப்பில் சொல்லாமல் அங்கே மட்டும் வைத்தால், அது விவரம் அன்று, மறைப்பு.

"நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்ற வாக்கியத்தை நீக்கிவிடுங்கள். நிபந்தனைகளே எழுதப்பட்ட பின் அதற்கு வேலை இல்லை. "நிறுவனத்தின் முடிவே இறுதியானது" என்பது பாதுகாப்பு தரும் என்று உங்கள் மேலாளர் சொல்லக்கூடும். ஒப்பந்த வாசகத்தில் ஒரு சொற்றொடர் உண்மையாகவே இரண்டு பொருள் தந்தால், அதை எழுதிய தரப்புக்கு எதிரான பொருளை எடுத்துக்கொள்வது பல நாடுகளின் சட்ட மரபில் உண்டு. எனவே மயக்கமான ஐந்து வரிகளைப் போட்டுவிட்டு ஆறாவதாக அதிகார வரி ஒன்றைச் சேர்ப்பது நீங்கள் நினைக்கும் அளவுக்குக் காப்பாற்றாது. உங்கள் சட்டப் பிரிவு கட்டாயம் வேண்டும் என்றால் விரிவான பக்கத்தின் கடைசியில் இருக்கட்டும்.

திரையில் வரும் மறுப்புச் செய்திகளும் நிபந்தனையின் பகுதியே. "செல்லாத கூப்பன்" என்ற ஒரே செய்தி எல்லாக் காரணங்களுக்கும் வந்தால், நான்கு வரிகளையும் திருத்தி எழுதிய உழைப்பு அங்கே வீணாகிவிடும். எந்த வரியால் மறுக்கப்பட்டதோ அந்த வரியின் சொற்களிலேயே செய்தி இருக்க வேண்டும்: "கூப்பன் செல்லும் பொருட்கள் 900க்கு உள்ளன, இன்னும் 100 தேவை" என்றால் அவர் அழைக்க மாட்டார், இன்னொரு பொருளைச் சேர்ப்பார்.

எழுதி முடித்தபின், இந்த வேலையில் தொடர்பே இல்லாத நான்கைந்து பேரிடம் கொடுத்துப் பாருங்கள். "புரிகிறதா" என்று கேட்காதீர்கள்; எல்லோரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். முகப்பு வாசகத்தை மட்டும் காட்டி, கூடைகளைக் கொடுத்து, எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேளுங்கள். 1,300க்குக் கூடை, அதில் 400 மின்னணுப் பொருள்: கூப்பன் செல்லாது. விலை குறைக்கப்பட்ட பொருட்கள் 2,000க்கு: வரம்பு 300 என்பதால் 1,700. பொருட்கள் 1,200, புள்ளிகள் 250: 710. 11:55க்குக் கூடையில் போட்டு 12:02க்குப் பணம் கட்டியவர்: செல்லாது. ஒருவர் தவறாகச் சொன்னால் அவரைக் குறை சொல்லாமல், எந்த வரியைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்று கேளுங்கள். இருவர் ஒரே வரியில் தடுக்கினால் அந்த வரியை மாற்றியாக வேண்டும். சரியாகச் சொன்னவரும் ஒரு வரிக்கு இரண்டு முறை திரும்பிப் போனார் என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் அதே கூடைகளை உண்மையான பணம் செலுத்தும் பக்கத்தில் ஒருமுறை ஓட்டி, தொகை ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் வெளியிட்ட வாசகம் அழகாக இருக்கலாம், சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. சேரும் சேராது என்ற வரியில் மூன்று நான்கு விதிவிலக்குகள் வந்து, எப்படி எழுதினாலும் தடுக்கினார்கள் என்றால், குறை உங்கள் எழுத்தில் இல்லை, சலுகையின் அமைப்பில் இருக்கிறது. சோதனையில் கிடைத்த தவறான விடைகளை அப்படியே எடுத்துக்கொண்டு போய், வங்கி அட்டைத் தள்ளுபடியையும் சேர அனுமதித்துவிடலாமா, அல்லது குறைந்தபட்சத் தொகையை எடுத்துவிடலாமா என்று மார்க்கெட்டிங் பிரிவிடம் கேளுங்கள். அந்தப் பேச்சு கூப்பன் வெளியாகும் முன்பே நடந்தாக வேண்டும்; ஏற்கெனவே கைக்கு வந்துவிட்ட கூப்பனின் நிபந்தனையை நடுவில் இறுக்குவது கூடாது. தளர்த்த வேண்டியிருந்தால் தளர்த்துங்கள், இறுக்கமான விதி அடுத்த கூப்பனிலிருந்து தொடங்கட்டும்.